பிடித்த வரி கணக்கில் காணோம்: அதிகாரிக்கு எழுதும் முன் சரிபார்க்க வேண்டியவை

வாசகர் கடிதம்

“பெங்களூரு அல்சூரில் இருந்து பருத்திச் சேலைகளை ஆன்லைன் தளம் ஒன்றில் விற்கிறேன். சரக்கில் ஒரு பகுதி தமிழ்நாட்டில் அந்தத் தளத்தின் கிடங்கிலும் இருக்கிறது. அதற்காக அங்கேயும் ஒரு ஜிஎஸ்டி எண் எடுத்திருக்கிறேன். 2025 ஆகஸ்ட் மாதம் எனக்கு வந்த பட்டுவாடாக்களில் டிசிஎஸ் என்று மொத்தம் 8,725 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். 26AS-இல் பார்த்தால் அந்த மாதத்துக்கு 2,000 ரூபாய்தான் இருக்கிறது. GSTR-2B-யில் ஒரு ரூபாய்கூட இல்லை. 6,725 ரூபாய் எங்கே போனது? உண்மையில் ஒரு சதவீதம் பிடிக்க வேண்டும் என்றும், அந்தக் கணக்கில் இன்னும் அதிகம் வரவேண்டும் என்றும் தோழி ஒருவர் சொல்கிறார். என் பணத்தைத் தளம் அரசுக்குக் கட்டவில்லை என்று ஜிஎஸ்டி அதிகாரிக்கு எழுதிய கடிதத்தையும், என்னிடம் உள்ள அறிக்கைகளையும் இணைத்திருக்கிறேன். இதை அனுப்பலாமா? அதுவரை இந்தத் தொகையை, வரி கட்டத் தாக்கல் செய்யும் GSTR-3B-யில் நானே கழித்துக்கொள்ளலாமா?”
— வாசகி, பெங்களூரு

ஆலோசகர் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தை இப்போது அனுப்ப வேண்டாம். நீங்கள் இணைத்த கோப்புகளையே வைத்துக் கணக்கிட்டுப் பார்த்ததில், ஆகஸ்ட் மாதத்துக்கு உண்மையிலேயே விளக்கம் இல்லாமல் நிற்கும் தொகை 150 ரூபாய். மற்றதெல்லாம் நீங்கள் பார்க்காத பக்கத்தில் இருக்க வேண்டும், அல்லது வேறு மாதத்தைச் சேர்ந்தது. அந்த 150 ரூபாயை அற்பம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பின்னால் 30,000 ரூபாய் விற்பனை இருக்கிறது. ஆனால் 6,725 ரூபாய் காணவில்லை என்று கையெழுத்திட்டு ஒரு கடிதம் போய்விட்டால், முதல் விளக்கம் கேட்கப்படுவது தளத்திடம் அல்ல, உங்களிடம்தான்.

26AS-இல் இருக்கும் 2,000 ரூபாய் வேறு வரி

உங்கள் பட்டுவாடா அறிக்கையில் டிசிஎஸ் என்ற வரிக்குப் பக்கத்திலேயே டிடிஎஸ் என்று இன்னொரு வரி இருக்கிறது. பெயர்கள் ஒரே சாயலில் இருப்பதால் பலரும் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள். டிசிஎஸ் என்பது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி தளம் உங்களிடம் வசூலித்து ஜிஎஸ்டி கணக்கில் கட்டும் தொகை. டிடிஎஸ் என்பது அந்த ஆகஸ்டில் நடப்பில் இருந்த வருமான வரிச் சட்டம் 1961-இன் 194-ஓ பிரிவின்படி பிடிக்கப்பட்டு, உங்கள் பான் எண்ணில் வருமான வரிக் கணக்கில் ஏறும் தொகை. 26AS வருமான வரித் துறையின் அறிக்கை. அதில் ஜிஎஸ்டி டிசிஎஸ் ஒருநாளும் வராது. 26AS-இலேயே டிசிஎஸ் என்று ஒரு பகுதி இருப்பது குழப்பத்தைக் கூட்டுகிறது. அது கார் வாங்கும்போது வசூலிப்பது போன்ற வருமான வரி வசூலுக்கானது.

194-ஓ பிரிவின் விகிதம் 1 அக்டோபர் 2024 முதல் 0.1 சதவீதம். உங்கள் ஆகஸ்ட் விற்பனை, ஜிஎஸ்டி நீங்கலாக, 20,00,000 ரூபாய், அதில் 0.1 சதவீதம் 2,000 ரூபாய். ஆக 26AS சரியாகவே இருக்கிறது. 8,725-இலிருந்து 2,000-ஐக் கழித்து நீங்கள் கண்ட 6,725 என்ற எண்ணுக்குப் பொருளே கிடையாது, ஏனென்றால் ஒரு வரியிலிருந்து இன்னொரு வரியைக் கழித்திருக்கிறீர்கள்.

தோழி சொல்வது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. ஜிஎஸ்டி டிசிஎஸ் தொடக்கத்தில் ஒரு சதவீதம்தான். 10 ஜூலை 2024 முதல் அது அரை சதவீதமாகக் குறைந்தது. அதுவும் வாடிக்கையாளர் கட்டிய முழு விலையின் மேல் அல்ல. ஐந்து சதவீத ஜிஎஸ்டியை நீக்கிய மதிப்பில், அந்த மாதம் திரும்பி வந்த சரக்கின் மதிப்பைக் கழித்து, மிஞ்சுவதன் மேல்தான் கணக்கு. இந்தக் கழித்தல் உங்கள் விஷயத்தில் முக்கியமானது, கீழே வருகிறேன்.

தொகை எங்கே காத்திருக்கிறது

GSTR-2B உள்ளீட்டு வரிக்கான அறிக்கை, அதாவது நீங்கள் வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரி. டிசிஎஸ் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. அது உங்கள் சார்பில் கட்டப்பட்ட ரொக்கம். போய்ச் சேர வேண்டிய இடம் மின்னணு ரொக்கப் பேரேடு. அங்கேயும் தானாகப் போய்ச் சேராது. தளம் ஒவ்வொரு மாதத்துக்கும் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள், யாரிடம் எவ்வளவு டிசிஎஸ் வசூலித்தது என்று காட்டும் GSTR-8 அறிக்கையைத் தாக்கல் செய்யும். அதன் பிறகு ஜிஎஸ்டி இணையதளத்தில், உங்கள் Returns Dashboard-இல் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தால், `TDS and TCS Credit Received` என்று ஒரு கட்டம் தெரியும். அதைத் திறந்து, அங்குள்ள வரிசையை ஏற்று, தாக்கலும் செய்தால்தான் பணம் பேரேட்டில் ஏறும். ஏற்றுவிட்டுத் தாக்கல் செய்யாமல் வெளியே வந்துவிட்டு, பணம் வரவில்லையே என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய கோப்புகளில், மற்றவர்கள் தாக்கல் செய்ததிலிருந்து உங்கள் எண்ணில் திரளும் GSTR-2A அறிக்கையின் ஆகஸ்ட் மாத எக்செல் கோப்பும் இருந்தது. கொள்முதல் பட்டியலுள்ள முதல் தாளோடு நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். கீழே உள்ள தாள்களின் வரிசையில் வலதுபுறம் நகர்ந்தால் TCS என்ற தாள் வரும். அதில் தளத்தின் ஜிஎஸ்டி எண்ணுக்கு எதிரே ஒரே ஒரு வரிசை இருக்கிறது: மொத்த விற்பனை 12,50,000, திரும்பிய சரக்கு 2,40,000, நிகரம் 10,10,000, வசூலித்த தொகை 5,050. தளம் கட்டியிருக்கிறது. நீங்கள்தான் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

8,725 எப்படி 5,200 ஆகிறது

பட்டுவாடா அறிக்கை, பணம் உங்கள் வங்கிக்கு வந்த தேதிப்படி நடக்கிறது. GSTR-8, விற்பனை நடந்த மாதத்தின்படி நடக்கிறது. இந்த இரண்டு நாள்காட்டிகளையும் ஒன்றாக்கினால் பெரும்பகுதி விளங்கிவிடும்.

ஆகஸ்ட் முதல் வாரப் பட்டுவாடாவில் ஜூலை இறுதி ஆர்டர்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பிடித்த 1,050 ரூபாய் ஜூலை GSTR-8-ஐச் சேர்ந்தது. 8,725-இலிருந்து அதைக் கழியுங்கள். ஆகஸ்ட் கடைசி வார ஆர்டர்களுக்கான பணம் செப்டம்பரில்தான் உங்களுக்கு வந்தது, அவற்றுக்குப் பிடித்த 825 ரூபாய் ஆகஸ்டைச் சேர்ந்தது, அதைக் கூட்டுங்கள். இப்போது 8,500 வருகிறது.

அடுத்தது ரிட்டர்ன், அதாவது திரும்பி வந்த சரக்கு. ஆகஸ்ட் 8-ஆம் தேதி வரமகாலட்சுமி நோன்பு. பெங்களூரில் சேலை விற்கும் உங்களுக்கு அந்த வாரத்து விற்பனையையும், அதற்குப் பின்னால் திரும்பி வந்த பொதிகளையும் நான் சொல்லத் தேவையில்லை. வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்த தேதியைத் தளம் ரிட்டர்ன் தேதியாக வைக்கிறது. நீங்களோ பொதி உங்கள் கைக்கு வந்த தேதியை வைத்திருக்கிறீர்கள். உங்கள் ரிட்டர்ன் பதிவேட்டை ஆர்டர் எண்படி தளத்தின் பட்டியலோடு ஒட்டிப் பார்த்தபோது, 60,000 ரூபாய் மதிப்புள்ள சேலைகளுக்குத் தளம் ஆகஸ்ட் கடைசி நாட்களில் பணம் திருப்பியிருக்கிறது. உங்கள் பதிவேட்டில் அவை செப்டம்பர் முதல் வாரத்தில் இருக்கின்றன. அவை எல்லாமே கர்நாடகக் கணக்கில் விற்றவை. அந்த 60,000-க்கான 300 ரூபாயை உங்களுக்குச் செப்டம்பர் பட்டுவாடாவில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதையும் கழித்தால் ஆகஸ்டுக்கு உரிய டிசிஎஸ் 8,200 ரூபாய்.

இதை வேறு வழியிலும் சோதித்துக்கொள்ளலாம், அப்படிச் சோதிக்க வேண்டும். தளம் மாதந்தோறும் தரும் வரி அறிக்கையில் ஒவ்வொரு ஆர்டரும் தனி வரிசையாக இருக்கிறது. அதன்படி மொத்த விற்பனை 20,00,000, ரிட்டர்ன் 3,60,000, நிகரம் 16,40,000. அதில் அரை சதவீதம் 8,200. பட்டுவாடா வழியாக வந்தாலும் ஆர்டர் வழியாக வந்தாலும் ஒரே எண் கிடைக்கிறது என்றால் அடித்தளம் சரி என்று நம்பலாம்.

இனி மாநிலம். டிசிஎஸ் எந்த ஜிஎஸ்டி எண்ணின் பெயரில் பில் போடப்பட்டதோ அந்த எண்ணில்தான் ஏறும். சேலை தமிழ்நாட்டுக் கிடங்கிலிருந்து கிளம்பியிருந்தால், அதைப் பெங்களூருவில் இருப்பவரே வாங்கியிருந்தாலும், அது உங்கள் தமிழ்நாட்டு எண்ணின் விற்பனை. வரி அறிக்கையை உங்கள் ஜிஎஸ்டி எண்படி வடிகட்டினால் தமிழ்நாட்டின் நிகரம் 6,00,000 என்றும், அதற்கான டிசிஎஸ் 3,000 என்றும் வருகிறது. அந்த எண்ணுக்குத் தனிப் பயனர் பெயர், தனிக் கடவுச்சொல். கர்நாடகக் கணக்கில் எவ்வளவு தேடினாலும் அது தெரியாது. அந்தக் கணக்கின் கோப்பு எதையும் நீங்கள் அனுப்பவில்லை. எனவே அங்கே 3,000 ரூபாய் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் திறந்து பார்க்க வேண்டும். இப்படிக் கிடங்குக்காக ஓர் எண் எடுத்ததோடு பலர் அதை மறந்துவிடுவார்கள். ஆடிட்டர் தாக்கல் செய்கிறார் என்பதால் உள்ளே நுழைந்து பார்ப்பதே கிடையாது.

மிஞ்சுவது கர்நாடகத்துக்கு 5,200. GSTR-2A காட்டுவது 5,050. வித்தியாசம் 150.

அந்த 150 ரூபாய் சொல்லும் சேதி

TCS தாளில் மொத்தம், ரிட்டர்ன், நிகரம் என்று மூன்று பத்திகள் தனித்தனியாக இருப்பது நம் அதிர்ஷ்டம். வரி அறிக்கையின்படி கர்நாடக எண்ணின் மொத்த விற்பனை 12,80,000, ரிட்டர்ன் 2,40,000. தாளில் ரிட்டர்ன் அதே 2,40,000 இருக்கிறது. மொத்த விற்பனைதான் 12,50,000. ஆகவே ரிட்டர்னில் குழப்பம் இல்லை. 30,000 ரூபாய் விற்பனை GSTR-8-இல் ஏறவில்லை. நிகரத்தை மட்டும் பார்த்திருந்தால் இதைச் சொல்லியிருக்க முடியாது.

வரி அறிக்கையில் கடைசி இரண்டு நாட்களின் ஆர்டர்களைப் பாருங்கள். ஆகஸ்ட் 31 இரவு பில் போட்டு, மறுநாள் கிளம்பிய ஆர்டர்கள் பல இருக்கின்றன. அவற்றைத் தளம் செப்டம்பர் GSTR-8-இல் சேர்த்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எனவே முதலில் செப்டம்பர் GSTR-2A-வின் TCS தாளை எடுத்து, அந்த மாத வரி அறிக்கையோடு ஒப்பிடுங்கள். அங்கே மொத்த விற்பனை சரியாக 30,000 அதிகமாக இருந்தால் எதுவும் தொலையவில்லை. இல்லையென்றால், எந்தெந்த ஆர்டர்கள் விடுபட்டன என்ற பட்டியலோடு தளத்திடம் போக வேண்டும்.

3B-யில் கழிக்கலாமா

கூடாது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. டிசிஎஸ் உள்ளீட்டு வரி அல்ல என்பதால் 3B-யில் அதை உள்ளீட்டு வரியாகக் காட்டினால் அது தவறான கிரெடிட். பின்னால் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டி வரலாம். தளம் பணம் பிடித்ததற்கு உங்களிடம் அறிக்கை இருக்கிறது என்பது இங்கே உதவாது. 52-ஆம் பிரிவின் 7-ஆம் உட்பிரிவு தளத்தின் GSTR-8-இல் காட்டப்பட்ட தொகையைத்தான் உங்கள் ரொக்கப் பேரேட்டில் வரவு வைக்க இடம் தருகிறது. பேரேட்டில் ஏறிய பிறகு வரி கட்ட அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தேவைக்கு மேல் தேங்கினால் RFD-01 விண்ணப்பத்தின் வழியே திரும்பக் கேட்கவும் செய்யலாம்.

யாரிடம் முதலில் எழுதுவது

GSTR-8-ஐத் திருத்தும் உரிமை தளத்துக்கு மட்டுமே உண்டு. அதிகாரியோ இணையதளத்தின் உதவி மையமோ உங்களுக்காக அதில் ஓர் எண்ணைக்கூட மாற்ற முடியாது. ஆகவே முதல் கடிதம் தளத்தின் விற்பனையாளர் உதவிப் பிரிவுக்கு. விடுபட்டதைத் தளம் பின்னொரு மாதத்தின் GSTR-8-இல் திருத்தமாகச் சேர்க்கலாம். 2025-26 நிதியாண்டுக்கு அதன் எல்லை 30 நவம்பர் 2026, அல்லது தளம் தன் ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்யும் நாள், இவற்றில் எது முந்தியதோ அது. இரண்டாவது தேதி உங்கள் கையில் இல்லை என்பதால் நவம்பர் வரை காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

“என் டிசிஎஸ் வரவில்லை” என்று எழுதினால் உதவிப் பிரிவிலிருந்து ஒரு பொதுப் பதில்தான் வரும். இப்படி எழுதுங்கள்: “2025 ஆகஸ்ட் மாதத்துக்கு என் கர்நாடக ஜிஎஸ்டி எண்ணில் உங்கள் வரி அறிக்கையின்படி மொத்த விற்பனை 12,80,000, உங்கள் GSTR-8-இல் 12,50,000. ரிட்டர்ன் இரண்டிலும் 2,40,000. விடுபட்ட 30,000 ரூபாய்க்கான ஆர்டர் எண்கள் இணைப்பில் உள்ளன. இவை எந்த மாத GSTR-8-இல், எந்த ஜிஎஸ்டி எண்ணில் காட்டப்பட்டன என்று தெரிவிக்கவும். காட்டப்படவில்லை என்றால் திருத்தம் செய்யவும்.” வேறு விற்பனையாளரின் எண்ணில் அவை ஏறியிருக்கவும் கூடும் என்பதால் எந்த எண்ணில் என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பதில் வரும்வரை ஆகஸ்ட் வரிசையை ஏற்கவும் வேண்டாம், நிராகரிக்கவும் வேண்டாம். நிராகரித்தால் அந்த வரிசை தளத்திடம் திரும்பிப் போகும். அவர்கள் திருத்தும்வரை 5,050 ரூபாயும் முடங்கும். ஏற்றுக்கொண்டால் திருத்தம் எப்படி வரும் என்பதை அவர்களிடமே கேட்டுவிட்டுச் செய்வது பத்திரம். வித்தியாசம் இல்லாத மற்ற மாதங்களை இன்றே ஏற்றுத் தாக்கல் செய்துவிடுங்கள். அந்தப் பணம் சும்மா கிடக்கிறது.

அதிகாரிக்கு எழுதும் நிலை வந்தால்

தளம் பதில் தராமல் இழுத்தடித்தாலோ, ஆர்டர்கள் தன் அறிக்கையில் இருந்தும் GSTR-8-இல் சேர்க்க மறுத்தாலோ அதிகாரியிடம் போகலாம். துணை ஆணையர் நிலைக்குக் குறையாத அதிகாரி தளத்துக்கு நோட்டீஸ் அனுப்பி விவரம் கேட்க 52-ஆம் பிரிவில் வழி உண்டு. 15 வேலை நாட்களுக்குள் தளம் பதில் தர வேண்டும். தராவிட்டால் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். உங்கள் பதிவுச் சான்றிதழையும் இணையதளத்தையும் பார்த்து, உங்கள் எண் மாநில அதிகாரியின் கீழ் இருக்கிறதா, மத்திய அதிகாரியின் கீழ் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காந்திநகரிலுள்ள வணிக வரி அலுவலகத்துக்கு நேரில் போய் நின்றபின், உங்கள் கோப்பு மத்திய அதிகாரியிடம் என்று தெரிந்தால் ஒரு நாள் வீண். தமிழ்நாட்டு எண்ணின் தொகையைக் கர்நாடக அதிகாரியிடம் கேட்கவே முடியாது.

அதற்கு முன், உங்கள் விற்பனை விவரத்தைத் தாக்கல் செய்யும் GSTR-1-ஐ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தளம் வழி விற்பனையை அதன் 14-ஆம் அட்டவணையில் காட்டுகிறீர்கள். ஆகஸ்டில் கர்நாடக எண்ணுக்கு நீங்கள் காட்டியது 11,00,000, ஏனென்றால் அந்த 60,000 ரூபாய் ரிட்டர்னை நீங்கள் அந்த மாதம் கழிக்கவில்லை. தளம் காட்டியது 10,10,000. வித்தியாசம் 90,000, அதில் புகார் சொல்லத் தக்கது 30,000 மட்டுமே. இது ஆகஸ்டில் உங்களுக்குப் பாதகம் அல்ல, நீங்கள்தான் அதிகம் காட்டியிருக்கிறீர்கள். ஆனால் செப்டம்பரில் நிலைமை தலைகீழாகும். அந்த 60,000-ஐ நீங்கள் செப்டம்பரில் கழித்திருப்பீர்கள். தளம் முந்தைய மாதமே கழித்துவிட்டது. எனவே செப்டம்பரில் தளத்தின் எண் உங்கள் எண்ணைவிட 60,000 அதிகமாக இருக்கும். விற்பனையைக் குறைத்துக் காட்டியதுபோல் தோன்றும் வித்தியாசம் அது. விளக்கம் தராவிட்டால் அந்தத் தொகையை உங்கள் வரிப் பொறுப்பில் சேர்க்க அதே 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. ரிட்டர்ன்களின் ஆர்டர் எண், தளம் பணம் திருப்பிய தேதி, பொதி உங்கள் கைக்கு வந்த தேதி, கிரெடிட் நோட் எண் ஆகிய நான்கையும் ஒரே தாளில் வைத்திருந்தால் அதற்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லலாம். இனிமேல் தளத்தின் ரிட்டர்ன் தேதியையே உங்கள் கணக்கிலும் பின்பற்றலாமா என்று ஆடிட்டரிடம் பேசிப் பாருங்கள்; பொதி வராமலேயே போகும் ரிட்டர்ன்கள் உண்டு என்பதால் இதில் அவர் முடிவே சரி.

உங்கள் பழைய கடித வரைவில் “தளம் அரசுக்குக் கட்டவில்லை” என்ற வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். GSTR-2A அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. புதிய கடிதத்தில் 30,000 ரூபாய் விற்பனை, 150 ரூபாய் டிசிஎஸ், ஆர்டர் எண்கள், தளத்துக்கு எழுதிய தேதிகள், அவர்கள் தந்த புகார் எண் ஆகியவை மட்டும் இருக்கட்டும். செப்டம்பர் TCS தாளையும் தமிழ்நாட்டுக் கணக்கின் ஆகஸ்ட் தாளையும் பார்த்த பிறகும் வித்தியாசம் நின்றால், அந்த இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். கடித வரைவைச் சேர்ந்தே பார்த்துவிடலாம்.